தோல், மெழுகு, இலை: ஒளியின் உட்சிதறலுக்கான மலிவுக் கணிப்புகள்

தோல், மெழுகு, இலை போன்ற பொருள்களில் விழும் ஒளியின் ஒரு பகுதி மேற்பரப்புக்குக் கீழே நுழைந்து, உள்ளே பலமுறை சிதறி, நுழைந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வெளியேறுகிறது. இந்த உட்சிதறலுக்கு ஜென்சன், மார்ஷ்னர், லெவாய், ஹான்ரஹன் ஆகியோர் 2001இல் நடைமுறைக்கு உகந்த ஒரு மாதிரியை வகுத்தனர். ஆனால் அதன்படி ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அறிய, அதைச் சூழ்ந்த பரப்பில் விழும் ஒளி முழுவதையும் திரட்ட வேண்டும். நொடிக்கு 60 படச்சட்டங்கள் வரையும் விளையாட்டில் ஒரு சட்டத்தின் எல்லா வேலைக்கும் 17 மில்லி நொடிகூடக் கிடைப்பதில்லை என்பதால், திரட்டலையே தவிர்க்கும் குறுக்குவழிகள் தோன்றின. அவை ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகக் கருதப்படுவது தவறு. அவற்றில் ஒவ்வொன்றும் பொருளின் வடிவத்தைப் பற்றிய ஒரு தகவலைக் கைவிடுகிறது, எதைக் கைவிடலாம் என்பதைப் பொருளே தீர்மானிக்கிறது.

மிக எளியது சுற்றொளி முறை. பரப்பின் செங்கோடு N, ஒளியை நோக்கிய திசை L எனில், வழக்கமான `max(0, N·L)` என்பதற்குப் பதிலாக `max(0, (N·L + w)/(1 + w))` எனக் கணித்தால், ஒளி நிழற்பக்கத்துக்குள் சற்று வளைந்து செல்கிறது. w = 0.5 எனக் கொண்டால் 90 பாகையில் முடிய வேண்டிய ஒளி 120 பாகை வரை நீள்கிறது. ஆனால் ஒரு கோளம் முழுவதும் கூட்டிப் பார்த்தால் மொத்த ஒளி (1 + w) மடங்காக, அதாவது ஒன்றரை மடங்காகப் பெருகியிருக்கும். பகுதியில் (1 + w)² என்று இட்டால் இந்தப் பிழை நீங்கும். நீங்காதது இன்னொன்று: மூக்கு நுனிக்கும் நெற்றிக்கும் ஒரே w செல்வதால், முகம் முழுவதும் ஒரே அளவில் மங்கி, களிமண் பொம்மை போலாகிவிடுகிறது.

தோலில் ஒளி பரவும் தூரம் சில மில்லிமீட்டர்தான். ஆகவே வளைவு கூர்மையான இடத்தில் மட்டுமே அந்தப் பரவல் நிழலின் விளிம்பில் கண்ணுக்குத் தெரிகிறது. எரிக் பென்னர் 2011இல் முன்வைத்த முறை இதையே பற்றிக்கொள்கிறது: வெவ்வேறு ஆரமுள்ள கோளங்களில் ஒளி எவ்வாறு பரவும் என்பதை முன்கூட்டியே கணித்து, N·L ஒரு அச்சாகவும் வளைவு மற்றொரு அச்சாகவும் அமைந்த ஒரு சிறு அட்டவணைப் படத்தில் சேமித்துவிடலாம்; ஓடும் நேரத்தில் அதை ஒருமுறை வாசித்தால் போதும். சிவப்பொளியே தோலில் அதிகத் தூரம் செல்வதால் மூக்கோரத்து நிழல் விளிம்பில் செம்மை படர்கிறது, நெற்றியிலோ விளிம்பு கூர்மையாகவே நிற்கிறது.

மெழுகில் முதன்மையானது வளைவு அன்று, தடிமன். பாரே-பிரிஸ்புவாவும் புஷாரும் 2011இல் வெளியிட்ட முறை, பொருளின் பின்புறத்து ஒளி ஊடுருவி வருவதைச் சில வரிகளில் போலச் செய்கிறது:

```
float3 H = L + N * distortion;
float  t = pow(saturate(dot(V, -H)), power) * scale;
float3 T = atten * (t + ambient) * thin;
```

இங்கே V என்பது கண்ணை நோக்கிய திசை, atten என்பது தூரத்தால் ஒளி குறையும் அளவு, thin என்பது மெல்லிய இடத்தில் வெண்மையாக அமைந்த படம். செங்கோடுகளை உட்புறமாகத் திருப்பி, பொருளின் உள்ளிருந்து மறைப்பு நிழலைக் கணித்து, விடையைத் தலைகீழாக்கினால் அந்தப் படம் கிடைக்கும். தலைகீழாக்க மறந்தால் காது இருண்டு மார்பு ஒளிரும். distortion சுழியாகவும் scale ஒன்றாகவும் இருக்கையில், ஒளி நேர் பின்னால் நின்றால் t = 1; 45 பாகை விலகினால், power 4 எனில் 0.25, 12 எனில் ஏறத்தாழ 0.016. மெழுகு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் அதற்குச் சிறிய power பொருந்தும்.

இதன் எல்லையை எரியும் மெழுகுவர்த்தியே காட்டிவிடுகிறது. சுடர் மேலே இருக்க, பார்ப்பவர் பக்கவாட்டில் நின்றால், V-யும் L-உம் ஏறத்தாழச் செங்குத்தாகி t சுழியாகிறது. உச்சியில் தெரியும் பொன்னிறப் பொலிவு முழுவதையும் ambient, atten, thin என்னும் மூன்று மட்டுமே சுமக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இது பின்னொளி விழும் மெழுகுச் சிலைக்கான சூத்திரம். மெழுகுவர்த்திக்கு ambient-ஐத் தாராளமாக உயர்த்தாமல் பயன்படாது. மேலும், பொருள் தன்மீதே வீழ்த்தும் நிழலால் இந்த ஒளி அணைந்துவிடக் கூடாது என்று நிழற்சோதனையை இதற்கு மட்டும் நீக்கிவிடுவதுண்டு. அப்போது சுவருக்கு அப்பாலுள்ள விளக்கும் மெழுகை ஒளிரச் செய்யும். ஒரு விளக்கைச் சுவருக்குப் பின்னே நகர்த்திப் பார்த்தால் இந்தக் கசிவு உடனே வெளிப்படும்.

இலைக்கு இவ்வளவு தேவையில்லை. அதன் தடிமன் பரப்பை நோக்க மிகச் சிறியது, ஊடுருவும் ஒளி பெரும்பாலும் எல்லாத் திசையிலும் பரவியே வெளிவருகிறது. ஆகவே பின்புறத்துக்கு `max(0, -N·L)` என்பதே போதுமானது. ஆனால் அதை முன்புற நிறத்தாலேயே பெருக்குவது பரவலான பிழை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சுவதால், இலையைக் கடந்து வரும் ஒளி மேலிருந்து தெறிக்கும் ஒளியைவிட மஞ்சள் கலந்த செறிந்த பச்சையாக இருக்கும். அதற்குத் தனி நிறம் தர வேண்டும். நரம்புகளைக் கருமையாகக் காட்ட ஒரு தடிமன் படத்தையும் சேர்த்தால், அருகிலிருந்து பார்க்கும் இலைக்கும் இந்த ஒற்றை வரி ஈடுகொடுக்கும். அருகிலிருந்து பார்க்கும் முகத்துக்குச் சுற்றொளி முறை ஈடுகொடுக்காது.