திருத்திய அக ஈட்டு வீதம்

ஈட்டுதல் என்றால் சம்பாதித்தல். வட்டி எதையும் வெளியிலிருந்து வாங்காமல், வரவு செலவுக்குள்ளிருந்தே கிடைக்கும் வீதம் என்பதால் 'அக'. பணம் ஒருமுறை போய்ப் பிறகு வந்துகொண்டே இருந்தால் அது சரியாக வரும். போய், வந்து, மறுபடி போனால் தடுமாறும்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு உற்பத்தியாளர் என்று வைத்துக்கொள்வோம். தறிக்கும் சரிகைக்கும் 10 லட்சம் போடுகிறார். ஓராண்டில் பெரிய ஆர்டருக்கு முன்பணமாக 23 லட்சம் வருகிறது. மறு ஆண்டு சேலைகளை நெய்து கொடுக்க 13.2 லட்சம் செலவு. இதன் அக ஈட்டு வீதம் 10 சதவீதம். 20 சதவீதமும் அதுவே! இரண்டிலும் நிகர மதிப்பு பூஜ்யம்தான்.

'திருத்திய' என்ற அடைமொழி இங்கேதான் உதவுகிறது. செலவுகளைக் கடன் வட்டி 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 20.52 லட்சம். வரவை வங்கியில் 6 சதவீதத்துக்குப் போட்டால் இரண்டாம் ஆண்டு முடிவில் 24.38 லட்சம். முன்னது பின்னதாக வளர ஆண்டுக்கு ஏறக்குறைய 9 சதவீதம். எக்செல்லில் A1 முதல் A3 வரை -10, 23, -13.2 என்று இட்டு:

```
=MIRR(A1:A3,12%,6%)
```

விடை ஒன்றே. ஆனால் அது இனி முழுக்க 'அக' வீதம் அல்ல. நாம் கொடுத்த இரு வட்டிகளும் அதில் கலந்துள்ளன. கடன் 12, ஈட்டு 9 என்றால் இந்த ஆர்டரை இந்த விலைக்கு ஏற்கக் கூடாது.