புழல் ழகரமும் தோற்றக்கால முறையும்

சென்னையின் வடக்கே, செங்குன்றம் ஏரியை ஒட்டி இருக்கும் புழல் தன் பெயரிலேயே ழகரத்தைக் கொண்ட ஊர். அந்த எழுத்தின் ஒலி தமிழ்நாடு முழுவதும் ஒன்றுபோல் இல்லை. வாழைப்பழம் என்ற ஒரே சொல் ஒருவர் வாயில் ழகரத்தோடும், தென்மாவட்டத்தார் பலரிடம் ‘வாளப்பளம்’ என்றும், சென்னைப் பேச்சில் ‘வாயப்பயம்’ என்றும் வரும். பொருள் மாறுவதில்லை, பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார் என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது. இப்படிப் பொருள் மாறாமல் பல வடிவங்களில் ஒலிக்கும் ஒரு கூறைச் சமூக மொழியியலார் ‘மாறி’ என்பர். அதன் ழ, ள, ய ஆகிய ஒலிப்புகள் மாற்றுவடிவங்கள்.

தமிழின் இந்த மாறி ஆய்வாளர் கண்ணில் முன்பே பட்டது. வில்லியம் பிரைட்டும் ஏ. கே. ராமானுஜனும் 1964இல் வெளியான கட்டுரையில், பிராமணர் பேச்சில் ழகரம் நிலைத்திருப்பதையும் பிறர் பேச்சில் அது வேறு ஒலியோடு கலந்துவிடுவதையும் எடுத்துக்காட்டினர். அவர்கள் ஒப்பிட்டது சாதிப் பேச்சுகளை. ‘வாயப்பயம்’ இன்று வளர்கிறதா தேய்கிறதா என்று அறிய வேறொரு ஒப்பீடு வேண்டும். அது வயதுகளுக்கு இடையிலான ஒப்பீடு.

மூன்று தலைமுறை, ஒரே நாள்

மொழி மாற்றத்தை நேரடியாகக் காண 50 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதைத் தவிர்க்கும் வழியே தோற்றக்கால முறை. ஒருவர் பதின்வயது முடியும்போது பெற்ற ஒலிப்பழக்கம் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடர்கிறது என்பது அதன் அடிப்படை. அப்படியானால் இன்றைய 70 வயதுக்காரரின் பேச்சில் அவருடைய இளமைக்கால மொழி இருக்கும். பல வயதினரை ஒரே காலத்தில் பதிவுசெய்து வரிசைப்படுத்தினால், கடந்த காலம் நம்முன் விரிந்ததுபோலத் தோன்றும். ‘தோன்றும்’ என்பதில்தான் சிக்கலும் இருக்கிறது.

இதன் முன்னோடி லூயி கோஷா. சுவிட்சர்லாந்தின் சார்மே என்ற சிற்றூரில் மூன்று வயதுப் பிரிவினரைக் கேட்டு 1905இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அங்கே அண்ணத்தில் ஒலிக்கும் ஒருவகை லகரம் முதியவரிடம் இருந்தது. நடுவயதினர் இரண்டு விதமாகவும் பேசினர். இளையோர் யகரமாகவே ஒலித்தனர். நம் ழகரம் யகரமாவதற்கு இதைவிட நெருங்கிய உறவுக் கதை கிடைப்பது அரிது. பின்னர் எட்வார்ட் ஹெர்மான் அதே ஊருக்குச் சென்று 1929இல் எழுதினார். லகரம் யகரமாகும் மாற்றம் அப்போது முடிந்தே போயிருந்தது. ஆனால் கோஷா கண்ட வேறொரு கூறில், பல்லிடை ஒலியும் ஹகரமும் மாறிமாறி வந்த இடத்தில், ஒரு தலைமுறை கழிந்தும் நிலைமை அப்படியே இருந்தது. முதல் ஆய்வில் இரண்டும் வயது வேறுபாடுகளாகவே தெரிந்தன. ஒன்று மாற்றம், மற்றொன்று மாற்றமன்று.

லபோவின் எண்கள்

வில்லியம் லபோவ் 1963இல் வெளியிட்ட மார்த்தாஸ் வின்யார்ட் தீவு ஆய்வு இம்முறைக்கு எண் வடிவம் கொடுத்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள அத்தீவில் 69 பேரை அவர் பேட்டி கண்டார். ‘ஐ’ போன்ற ஈருயிரின் முதற்பகுதி வாயின் நடுப்பக்கம் நகர்வதை 0 முதல் 3 வரை மதிப்பிட்டு, சராசரியை 100ஆல் பெருக்கினார். கிடைத்தவை: 75 வயதுக்கு மேற்பட்டோர் 25, 61–75 வயதினர் 35, 46–60 வயதினர் 62, 31–45 வயதினர் 81.

இதுவரை ஏணிப்படிபோல் ஏறுகிறது. அடுத்த 14–30 வயதினரோ 37! மாற்றம் திரும்பிவிட்டது என்று எளிதில் முடிவு கட்டிவிடலாம். லபோவ் அப்படிச் செய்யவில்லை. கோடை விருந்தினரின் பெருக்கத்தை வெறுத்துத் தீவோடு தம்மை இணைத்துக்கொண்டவர்களிடமே அந்த ஒலிப்பு வலுத்தது. ஊரைவிட்டுப் போக எண்ணிய இளையோரிடம் குறைந்தது. வயது என்ற எண்ணுக்குப் பின்னால் வாழ்க்கைத் திட்டம் ஒளிந்திருந்தது. மேலும் 1930களில் நியூ இங்கிலாந்து மொழி நிலப்படத்துக்காக அங்கே எடுக்கப்பட்ட பதிவுகள் அவரிடம் இருந்தன. அந்தப் பழைய சான்று இல்லாவிட்டால் அவருடைய வாதம் பாதி வலுவைத்தான் பெற்றிருக்கும்.

புழலில் செய்வதென்றால்

முதலில் எதை எண்ணுவது? மழை, பழம், கீழே, ஏழு, குழந்தை என ழகரம் வரக்கூடிய இடம் ஒவ்வொன்றும் கணக்கில் சேரும். ‘எழுந்திரு’ என்பது பலருக்கும் ‘ஏந்திரு’ ஆகிவிட்டது. அங்கே தேர்வுக்கு வழியில்லை, எனவே சேர்க்கக் கூடாது. ஒருவர் அரைமணிப் பேச்சில் அத்தகைய இடங்கள் 40 வந்து, அவற்றில் 30இல் ய ஒலித்தால் அவருக்கு 75 விழுக்காடு. ‘அவர் ய பேசுகிறவர்’ என்று முத்திரை குத்துவது ஆய்வாகாது. ஏறக்குறைய எல்லோரும் கலந்தே பேசுகிறார்கள்.

அடுத்து, எப்படிக் கேட்பது? சொற்பட்டியலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பள்ளிக்கூட ழகரமே வரும். நாக்கை வளைத்து ழ சொல்லப் பழக்கப்பட்டவர்கள் நாம். தேவையற்ற இடத்தில்கூட, ளகரத்துக்குப் பதிலாக, ழகரம் போடுவோர் உண்டு. ஆகவே மழை வெள்ளம் வந்த இரவைப் பற்றி ஒரு பாட்டி தன்னை மறந்து கதை சொல்லும் நேரமே பயன்படும்.

புழலுக்கே உரிய தடை குடிபெயர்வு. காவாங்கரையில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் உள்ளது. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்துவிடும். 2011இல் மாநகராட்சியோடு இணைந்த இப்பகுதியில் தென்மாவட்டக் குடும்பங்களும் உண்டு. இளையோரிடம் ‘பளம்’ அதிகம் கேட்டால், சென்னைப் பேச்சு மாறுகிறது என்றும் கொள்ளலாம்; வேறு ஊர்ப் பெற்றோரின் பிள்ளைகள் அந்த வயதுப் பிரிவில் கூடுதலாக இருக்கிறார்கள் என்றும் கொள்ளலாம். பெற்றோரும் இங்கேயே வளர்ந்தவர்களைத் தனியே பிரித்து எண்ணிய பிறகும் வேறுபாடு நின்றால்தான் முதல் விளக்கத்துக்கு இடமுண்டு.

இன்னொரு பொறி, வயதுநிலை வேறுபாடு. நண்பர்களிடம் ‘கொயந்த’ என்று பேசும் 16 வயதுப் பையன், பத்து ஆண்டுகள் கழித்து வங்கிக் கவுண்டரில் அமரும்போது ‘ய’வைக் குறைத்துக்கொள்ளக்கூடும். ஓய்வு பெற்றபின் அவர் பழைய பேச்சுக்குத் திரும்பவும் கூடும். அப்போது இளையோரும் முதியோரும் உயர்ந்தும் நடுவயதினர் தாழ்ந்தும் ஒரு பள்ளம் தெரியும். ஒவ்வொரு தலைமுறையும் இதையே செய்தால் மொழி நின்ற இடத்திலேயே நிற்கிறது. நேர்ச்சரிவு மாற்றத்தையும் பள்ளம் வயதுநிலையையும் காட்டும் என்பது பொது விதி. சார்மே நினைவுபடுத்துவதுபோல, அது உறுதியன்று.

உறுதிப்படுத்தப் பழைய ஒலிப்பதிவு வேண்டும். திரைப்படம் உதவுமா? ‘சபாஷ் மீனா’வில் (1958) சந்திரபாபு பேசிய மெட்ராஸ் பாஷையைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது அன்று மக்கள் எதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பதற்குச் சான்று. ரிக்‌ஷாக்காரர் ஒருவர் 40 இடங்களில் எத்தனை முறை ‘ய’ சொன்னார் என்பதை அது சொல்லாது. நகைச்சுவை நடிகர் ஒரே வடிவத்தை அழுத்திப் பிடிப்பார். உண்மையான பேச்சாளர் விட்டுவிட்டுப் பேசுவார். பழைய வானொலிப் பேட்டிகளும் குடும்பங்களில் கிடக்கும் கேசட்டுகளும் இதைவிட நம்பகமானவை. அவையும் இல்லாவிட்டால், இன்று பதிவு செய்தவர்களையே 15 ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடிச் செல்வதுதான் வழி.