உம்ராவிலிருந்து திரும்பும்போது கையில் தங்கும் ரியால், ஹலாலா நாணயங்களை என்ன செய்வது?

உம்ரா முடித்து ஊர் திரும்பும் பலரின் கைப்பையில் ஒரு பிடி சவூதி நாணயங்கள் மிஞ்சியிருக்கும். மீதமுள்ள ரியால் நோட்டுகளை நாணய மாற்று நிலையத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். நாணயங்களை நீட்டினால் வேண்டாம் என்பார்கள். இது பலருக்கும் புரியாத விஷயமாக இருப்பதால் அதன் காரணத்தை முதலில் பார்ப்போம்.

நோட்டை வாங்கும் முகவர் அதை அடுத்த பயணிக்கு விற்பார். அல்லது மொத்த வியாபாரி மூலம் சவூதிக்கே அனுப்புவார். ஆயிரம் ரியாலுக்கு இரண்டு 500 ரியால் நோட்டுகள் போதும். அதே தொகை ஒரு ரியால் நாணயமாக இருந்தால் ஆயிரம் நாணயங்களை எண்ணி, சரிபார்த்து, விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு இலாபத்தை விழுங்கிவிடும். பயணம் புறப்படுபவர்களும் நாணயங்களைக் கேட்டு வாங்குவதில்லை.

2016-ல் ஒரு ரியால், இரண்டு ரியால் நாணயங்கள் வந்த பிறகு, கையில் தங்கும் தொகையும் கூடிவிட்டது. ஒரு குடும்பத்திடம் இரண்டு ரியால் 3, ஒரு ரியால் 7, ஐம்பது ஹலாலா 4, இருபத்தைந்து ஹலாலா 8 இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு ஹலாலா ஒரு ரியால். எனவே மொத்தம் 17 ரியால். ரியாலுக்கு 22 ரூபாய் என்று கணக்கிட்டாலும் 374 ரூபாய். ஊருக்கு வந்தபின் இதைப் பணமாக்குவது கடினம்.

இதற்குத் தீர்வு சவூதியிலேயே இருக்கிறது. கடைசி நாளில் நாணயங்களை எண்ணிவிடுவோம். 20 ரியாலுக்குப் பேரீச்சம்பழம் வாங்கினால் 17 ரியாலை நாணயமாகவும், மீதி 3 ரியாலை நோட்டாகவோ கார்டிலோ கொடுக்கலாம். கூட்டம் இல்லாத நேரத்தில் பகாலாவில் கேட்டால், சில்லறை தேவைப்படும் கடைக்காரர் நோட்டாக மாற்றித் தரவும் கூடும். ஸதகா செய்ய நினைத்தால், அங்கேயே செய்துவிடுவதே பயன் தரும். இதே நாணயங்களை நம்மூர் பள்ளிவாசல் உண்டியலில் போட்டால், நிர்வாகிகளாலும் அதை மாற்ற முடியாது.

ஊருக்குக் கொண்டுவந்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டு நாணயங்களை எவ்வளவு வேண்டுமானாலும் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நோட்டுகளுக்குத்தான் வரம்பு: 2,000 டாலர் மதிப்புக்கு மேல் மீந்ததைத் திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியிலோ அங்கீகரிக்கப்பட்ட முகவரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

எனவே நாணயங்களை ஒரு சிறு பையில் போட்டு, தொகையை எழுதி, பாஸ்போர்ட்டோடு வைத்துவிடலாம். அடுத்து உம்ரா செல்லும் உறவினரிடம் கொடுத்தால், போய் இறங்கியதும் தண்ணீர், தேநீர் வாங்க அந்தச் சில்லறை உதவும்.