குழி விழுந்த குண்டும் கொழுப்புத் தாளும்

1857 என்றதும் கொழுப்பு தடவிய தோட்டாதான் நம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்று நிறையப் பேசியாகிவிட்டது. தோட்டாவுக்குக் கொழுப்பே எதற்கு என்று மட்டும் யாரும் அதிகம் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் சொல்லப் பார்க்கிறேன்.

பழைய ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். குழலின் அகலம் முக்கால் அங்குலம். ஈய உருண்டையோ அதைவிடச் சற்றுச் சின்னது. அதனால் சட்டென்று உள்ளே இறங்கிவிடும். நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். ஆனால் வெளியேறும்போது குழலில் அங்கும் இங்கும் முட்டிக்கொண்டு, கடைசியாக முட்டிய பக்கத்துக்கு ஏற்ப விலகிப் போகும். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவனைக் குறிபார்த்து அடிப்பது அதிர்ஷ்டம்தான்.

ரைபிள் அப்படியல்ல. குழலுக்குள் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலவிடும். சுழலும் குண்டு நேராகப் போகும். ஆனால் குண்டு பள்ளத்தைக் கவ்வ வேண்டுமே! எனவே வாய்வழியாக அதை இறுக்கித் திணிக்க வேண்டியிருந்தது. இதற்கே ஒரு நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் எதிரி வந்துவிடுவானே!

1849-இல் பிரெஞ்சுக் கேப்டன் மினியே இந்தச் சிக்கலை அவிழ்த்தார். அவருடைய குண்டு கூம்பு வடிவம். குழலைவிடச் சற்றுச் சின்னது. அடியில் ஒரு குழி, அதில் சின்ன இரும்புக் கிண்ணம். மருந்து வெடித்ததும் கிண்ணம் குழிக்குள் ஏறும். மெல்லிய ஈய விளிம்பு விரிந்து பள்ளத்தைக் கவ்வும். போகும்போது தளர்வு, வரும்போது இறுக்கம். அவ்வளவுதான் விஷயம்!

அதிலும் ஒரு கோளாறு இருந்தது. சில நேரம் கிண்ணம் குண்டைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஈய வளையம் மட்டும் குழலில் சிக்கிக்கொள்ளும். குழியை ஆழமாக்கினால் வாயுவின் அழுத்தமே விளிம்பை விரித்துவிடும், கிண்ணமே வேண்டாம் என்று அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதசாலையில் ஜேம்ஸ் பர்ட்டன் காட்டினார்.

இனி நம் கதைக்கு வருவோம். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் குழல் 0.577 அங்குலம், முதலில் வந்த குண்டு 0.568 அங்குலம். இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்குதான்! கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் கசடாகவே தங்கிவிடும். சில முறை சுட்டதும் அந்த இடைவெளி அடைபட்டு, குண்டு பாதி வழியில் நின்றுவிடும். கசடு இறுகாமல் இளக்கமாக இருக்கத்தான் குண்டைச் சுற்றிய தாளில் கொழுப்பு. சிப்பாய் தாளின் நுனியைப் பல்லால் கடித்து, மருந்தைக் கொட்டி, கொழுப்புத் தாளோடு குண்டைத் திருப்பிச் செருகி, கோலால் தள்ள வேண்டும்.

1857 தொடக்கத்தில் கம்பெனி இறங்கி வந்தது. சிப்பாய்களே தங்களுக்கு ஒப்பான எண்ணெயோ மெழுகோ தடவிக்கொள்ளலாம் என்றது. பிறகு கையால் கிழிக்கலாம் என்றும் சொன்னது. அதற்குள் சந்தேகம் தாளின் மீதே விழுந்துவிட்டது. கொழுப்பை மாற்ற முடிந்தது. பல்லால் கடிப்பதை விட முடிந்தது. வழுக்கும் பூச்சே இல்லாமல் மட்டும் அந்தக் குண்டு ஒழுங்காக இறங்காது.