பி.டி., பி.சி.

மருந்துச் சீட்டில் வரும் பி.டி. என்பது 'பிஸ் இன் டியே' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். நாளுக்கு இருமுறை என்று பொருள். பி.சி. என்றால் 'போஸ்ட் சிபும்', அதாவது உணவுக்குப் பின்.

மெட்ஃபார்மின் மாத்திரைக்கு இவ்விரண்டும் சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். "சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு வேளை" என்று மட்டும் நோயாளியிடம் சொன்னால் போதாது. நம்மில் பலருக்குச் சாப்பாடு என்றாலே சோறுதான். காலை இட்லி பலகாரம். அதனால் மதியமும் இரவும் போட்டுக்கொள்வார்கள். காலைவேளை விடுபட்டு, இரு மாத்திரைகளும் நெருங்கிவிடும். பின் என்பதை ஒரு மணி நேரம் கழித்து என்று எடுத்துக்கொள்பவரும் உண்டு. வெறும் வயிற்றில் இந்த மாத்திரை குமட்டலையும் வயிற்றுப்போக்கையும் தரக்கூடும் என்பதால்தான் உணவோடு சேர்க்கிறார்கள்.

"காலையில பலகாரம் சாப்பிட்ட கையோட ஒண்ணு, ராத்திரி சாப்பிட்டதும் ஒண்ணு" என்று சொல்லுங்கள். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.