ஊர்த்தொகையும் ஆட்தொகையும்

திண்டுக்கல் மாவட்டத்தில், கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தே புற்றுநோயின் முன்னறிகுறியைக் காணும் முறையைச் சோதித்து, 2007ஆம் ஆண்டில் லான்செட் சஞ்சிகையில் முடிவு வெளியிடப்பட்ட ஆராய்ச்சியிலே, சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பக்கமாகப் பிரிக்கப்பட்டவை தனித்தனிப் பெண்களல்ல, 114 ஊர்க்கொத்துகள். அவற்றில் அடங்கிய பெண்கள் ஏறத்தாழ 80,000 பேர். கொத்துக்குச் சராசரி 700 பேர். இத்தனை பேர் இருந்தும், அத்தனை பேருடைய சாட்சியமும் முழுமையாகக் கணக்கில் சேராது என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

குமணன்சாவடிக்கு மேற்கேயுள்ள கிராமங்களில் வளரிளம் பெண்களின் இரத்தசோகையைக் குறைக்க ஒரு திட்டம் வகுப்பதாகக் கொள்வோம். ஒரே நியாயவிலைக் கடை அரிசியை உண்டு, ஒரே நீரைக் குடித்து, ஒரே செவிலியரிடம் மாத்திரை வாங்கும் ஓர் ஊர்ப் பெண்கள், வேற்றூர்ப் பெண்களைவிடத் தமக்குள் ஒத்திருப்பார்கள்; அந்த ஒற்றுமையின் அளவே கொத்தினுள் ஒட்டுறவுக் கெழு, ρ. ஆளைத் தனியே பிரித்திருந்தால் வேண்டிய தொகையை, m என்னும் சராசரிக் கொத்தளவைக் கொண்டு 1 + (m − 1)ρ என்ற பெருக்கத்தால் உயர்த்த வேண்டும்.

சோகை 50 விழுக்காட்டிலிருந்து 40க்கு இறங்குவதை, 5 விழுக்காட்டுப் பிழையெல்லையில் 80 விழுக்காட்டு வாய்ப்போடு கண்டறியப் பக்கத்துக்கு 385 பேர் போதும். ρ 0.05 என்றும் ஊருக்கு 20 பேர் என்றும் வைத்தால் பெருக்கம் 1.95, ஆகவே 751 பேர், அதாவது பக்கத்துக்கு 38 ஊர்கள். ஊர்களைத் தேடுவது சிரமமென்று ஊருக்கு 100 பேரை எடுத்தால், பெருக்கம் 5.95 ஆகி, 2,291 பேரைச் சோதித்தும் 23 ஊர்களுக்குக் குறையாது. எத்தனை பேரைச் சேர்த்தாலும், 385ஐ 0.05ஆல் பெருக்கிய 19.25க்குக் கீழே ஊர்த்தொகை இறங்கவே இறங்காது. பத்து ஊர்களை வைத்துக்கொண்டு, ஆட்களைப் பெருக்கிக் குறையை ஈடுசெய்யலாமென்று எண்ணுவோர் இந்த எல்லையைக் காணாதவர்களே.

கெழு மிகச் சிறிதாயினும் கொத்து பெரிதானால் இழப்பு பெரிதாகும்: திண்டுக்கல் அளவுள்ள கொத்துகளில் ρ வெறும் 0.001 என்று வைத்துப் பார்த்தாலும் பெருக்கம் 1.7 ஆகி, 80,000 பேர் ஏறக்குறைய 47,000 பேருக்குரிய பலத்தையே தருவார்கள்.

ஊர்களோ ஒரே அளவினவல்ல. ஊரளவின் திட்டவிலக்கம் சராசரியின் 0.6 மடங்காக இருக்குமாயின், m இருக்குமிடத்தில் 1.36m இடவேண்டும், நம் 38 ஊர்கள் 45 ஆகிவிடும். சராசரியை மட்டும் வைத்துக் கணக்கிட்டுப் புறப்படுவோர் இந்த ஏழு ஊர்க் குறையை ஆராய்ச்சி முடிந்த பின்னரே, முடிவின் நம்பக எல்லைகள் அகன்று நிற்கையில் உணர்வர்.

இவ்வளவுக்கும் ஆதாரமான ρவை எங்கிருந்து பெறுவது? அதே வட்டாரத்தில், அதே நோயைப் பற்றி முன்னர் எடுத்த அளவீட்டிலிருந்து பெறுவதே உத்தமம். ஐந்தாறு ஊர்களில் செய்த வெள்ளோட்டம் தரும் மதிப்போ பெரிதும் தடுமாறுவது, சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழேயும் போவது. ஆகையால் 0.05ஐ நம்பும்போதே 0.10க்கும் கணக்கிட்டுப் பார்த்துவிட வேண்டும். அளவு சமமான ஊர்களிலேயே, ஊருக்கு 20 பேர் என்ற திட்டத்தில், 38க்குப் பதிலாகப் பக்கத்துக்கு 56 ஊர்கள் தேவைப்படும்.