தங்கம் கடல் கடந்த கதை – 7

சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்த 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். படை புகுந்தது குவைத்தில். அடி விழுந்தது டெல்லி கஜானாவில்.

கச்சா எண்ணெய் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்கானது. குவைத்திலிருந்து மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் வேலையை இழந்து ஊர் திரும்பினார்கள். செலவு ஏறியது, வரவு குறைந்தது. 1990-91-இல் நடப்புக் கணக்கில் விழுந்த துண்டு சுமார் 970 கோடி டாலர்.

அந்த டாலர் எங்கிருந்து வந்தது? பற்றாக்குறை என்று ஏட்டில் எழுதிவிட்டால் கப்பல்காரன் எண்ணெயை இறக்கிவிட மாட்டான். வெளிநாட்டு முதலாளி இங்கே ஆலை கட்ட டாலர் கொண்டுவந்தால், லாபம் வந்தால்தான் எடுத்துப்போவான், நஷ்டம் அவனுடையது. அந்தக் கதவை நாம் ஏறக்குறைய சாத்தியே வைத்திருந்தோம். அதனால் எண்பதுகள் முழுக்க நம்பியது கடனை. அதில் ஒரு பகுதி சில மாதத் தவணைக் கடன்; தவணை முடிந்ததும் புதுக்கடன் வாங்கிப் பழையதை அடைக்க வேண்டும். இன்னொரு பகுதி, கூடுதல் வட்டிக்காக வெளிநாடுவாழ் இந்தியர்கள் போட்ட டெபாசிட்.

இரண்டுமே பயந்தால் ஓடிவிடும் பணம். தரச்சான்று நிறுவனங்கள் இந்தியாவின் மதிப்பைக் குறைத்ததும் வங்கிகள் தவணையைப் புதுப்பிக்க மறுத்தன. 1991 ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும் சுமார் 95 கோடி டாலர் டெபாசிட் வெளியேறியது. என் கணிப்பில், துண்டின் அளவைவிட அதை மூடிய பணத்தின் குணம்தான் நம்மைக் கவிழ்த்தது. ஜூன் இறுதியில் மிச்சமிருந்த அந்நியச் செலாவணி, இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும்.

மே மாதமே ஸ்டேட் வங்கி மூலம் 20 டன் தங்கம் ஸ்விஸ் வங்கி ஒன்றுக்கு, திருப்பி வாங்கும் உரிமையோடு விற்கப்பட்டது. கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த தங்கம் அது! கிடைத்த 20 கோடி டாலர் எந்த மூலைக்கு?

அடுத்து ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்தை அடகு வைத்து வெளிநாட்டு மத்திய வங்கிகளிடம் கடன் வாங்க முடிவானது. அப்போது கவர்னர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். தங்கம் மும்பையில் பத்திரமாக இருக்கிறது என்ற வாக்குறுதி இங்கிலாந்து வங்கிக்குப் போதவில்லை. லண்டனில் தன் பெட்டகத்துக்கே வர வேண்டும் என்றது. ரிசர்வ் வங்கிச் சட்டமோ, தங்கத்தில் 85 சதவீதம் நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. மீதி 15 சதவீத வரம்புக்குள் சுமார் 47 டன் ஒதுக்கப்பட்டது. ஈடாக இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகள் தர ஒப்புக்கொண்டது 40.5 கோடி டாலர்.

ஜூலை 4. முதல் சரக்கு மும்பையிலிருந்து ரகசியமாகப் பறந்தது. ஜூலை 8 காலை, ஒரு ஆங்கில நாளிதழ் விஷயத்தைப் போட்டு உடைத்தது. இன்னும் பாதித் தங்கம் மும்பையிலேயே இருந்தது. புதிய நிதியமைச்சர் மன்மோகன் சிங் பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. பட்ஜெட்டுக்கோ 16 நாள்தான். நாடாளுமன்றத்தில் அவர் என்ன பதில் சொன்னார்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)